கோடு எங்கே தரையைத் தொடும்? எரிபொருள் ஏற்றும்போது 1/M வரைபடம் போடும் முறை

புதிய அணு உலை ஒன்றில் முதன்முறையாக எரிபொருள் கட்டுகளை, அதாவது அசெம்பிளிகளை, உள்ளே இறக்குகிறீர்கள். 15 அசெம்பிளி வைத்தால் மாறுநிலை வரும், அதாவது சங்கிலி வினை தானே தொடர்ந்து ஓடத் தொடங்கும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் அது கணக்குதான். யுரேனியத்தின் செறிவிலும் தண்ணீரின் வெப்பநிலையிலும் அசெம்பிளிகளின் இடைவெளியிலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்து, உண்மையான எண் 14 ஆகவும் இருக்கலாம், 16 ஆகவும் இருக்கலாம். அதைத் தாண்டிப் போய்விட்ட பிறகு தெரிந்துகொள்வதில் பயன் இல்லை. போகிற வழியிலேயே, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று உலையிடமே கேட்க ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் 1/M வரைபடம். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு நியூட்ரான் டிடெக்டர் இருந்தால் போதும். பார்க்க எளிது, ஏமாறுவதும் எளிது. இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் தொட்டிக் கணக்கு

அடியில் ஓட்டை உள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் ஒரே வேகத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறது. நீர்மட்டம் ஏற ஏற ஓட்டை வழியே வெளியேறுவதும் கூடும். இரண்டும் சமமாகும் மட்டத்தில் தண்ணீர் நிற்கும். ஓட்டையைப் பாதியாக அடைத்தால் மட்டம் ஏறி, முன்பைவிட உயரத்தில் போய் நிற்கும்.

உலைக்குள் நாம் வைக்கும் நியூட்ரான் சோர்ஸ்தான் குழாய். அமெரிசியம்-பெரிலியமோ கலிபோர்னியம்-252-ஓ, ஏதோ ஒன்று விநாடிக்கு S நியூட்ரான்களை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்பதைச் சொல்வது பெருக்கக் காரணி k. மாறுநிலைக்குக் கீழே k ஒன்றைவிடக் குறைவு. அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் (1 − k) என்ற பங்கு தொலைந்துபோகிறது. அந்தப் பங்குதான் ஓட்டை. சோர்ஸ் விடாமல் ஊற்றுவதால் எண்ணிக்கை அழிந்துபோகாது, ஒரு மட்டத்தில் நிற்கும்:

```
S + Sk + Sk² + Sk³ + ...  =  S / (1 − k)
M = 1 / (1 − k)
```

சோர்ஸ் எத்தனை மடங்காகத் தெரிகிறது என்பதுதான் M. k 0.9 என்றால் சோர்ஸ் 10 மடங்காகத் தெரியும். 0.99 என்றால் 100 மடங்கு. சரியாக 1 என்றால் ஓட்டையே இல்லை, மட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். M-ஐ வரைபடமாகப் போட்டால் கோடு வானத்தை நோக்கிப் பாயும். எங்கே முடியும் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதையே தலைகீழாக்கி 1/M போட்டால் கோடு கீழே இறங்கி வந்து, மாறுநிலையில் பூஜ்யத்தைத் தொடும். தரையைத் தொடப்போகும் கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டிப் பார்க்கலாம். மொத்த உத்தியும் இவ்வளவுதான்.

இது பழைய உத்தி. 1942-இல் சிகாகோவில், ஒரு மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்குக் கீழே, ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கடுக்காக வைத்து முதல் உலையைக் கட்டியது. அடுக்குகள் ஏற ஏற, நியூட்ரான்களை விழுங்கும் காட்மியம் பட்டைகளை எடுத்துவிட்டு உள்ளே நியூட்ரான் செறிவை அளந்தார்கள். அடுக்கும் வடிவமே மாறிக்கொண்டிருந்ததால் வெறும் 1/M போடவில்லை. குவியலின் ஆரத்தின் வர்க்கத்தை, நியூட்ரான் பட்ட இண்டியம் தகடு காட்டிய கதிரியக்கத்தால் வகுத்து வரைந்தார்கள். கோடு 56-ஆம் அடுக்கைக் காட்டியது. 57 அடுக்குகளோடு நிறுத்தி, டிசம்பர் 2 அன்று கழியை வெளியே இழுத்து மாறுநிலையை எட்டினார்கள். தனியாக ஒரு சோர்ஸ்கூடத் தேவைப்படவில்லை. அத்தனை டன் யுரேனியத்தில் தானாக நடக்கும் பிளவே போதுமான அளவுக்கு ஊற்றியது. சிறிய உலையில் அந்த வசதி இல்லை, சோர்ஸ் வைத்தே ஆகவேண்டும்.

இறக்கத் தொடங்கும் முன்

டிடெக்டர் குறைந்தது இரண்டு வேண்டும், மூன்று நல்லது. மையத்திலிருந்து வேறு வேறு திசைகளில், வேறு வேறு தூரங்களில் வையுங்கள். சோர்ஸை ஒட்டி ஒன்றையும் வைக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது, இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

அடுத்து, சோர்ஸ் இல்லாமல் ஒரு முறை எண்ணுங்கள். அப்போதும் விநாடிக்கு இரண்டு மூன்று வந்தால் அது பின்னணி இரைச்சல், பிறகு எல்லா அளவிலிருந்தும் அதைக் கழிக்கவேண்டும். நான் பயிற்சி பெற்ற காலத்தில் ஒரு டிடெக்டரின் எண்ணிக்கை திடீரென்று இரண்டரை மடங்கானது. எல்லாரும் கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டு நின்றோம். பக்கத்துக் கூடத்தில் யாரோ வெல்டிங் போட்டிருக்கிறார்கள், அந்த மின் இரைச்சல் கேபிள் வழியாக வந்திருக்கிறது. இரண்டாவது டிடெக்டர் அசையாமல் இருந்ததால்தான் ஐந்து நிமிடத்தில் புரிந்தது. ஒன்றே ஒன்று இருந்திருந்தால் அன்றைய நாள் போயிருக்கும்.

பிறகு சோர்ஸை வைத்து, எரிபொருள் எதுவும் இல்லாமல் எண்ணி, அதை அடிப்படை எண்ணிக்கை C0 என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு எண்ணிக்கை C-ஐயும் இதனோடுதான் ஒப்பிடப்போகிறோம்:

```
1/M = C0 / C
```

அடிப்படை எண்ணிக்கையை அவசரமாக எடுக்கவேண்டாம். N எண்ணினால் பிழை √N. விநாடிக்கு 50 வரும் இடத்தில் 2 விநாடி மட்டும் எண்ணினால் 100 கிடைக்கும், அதில் பிழை 10 சதவீதம். 100 விநாடி எண்ணினால் 5000, பிழை ஒன்றரை சதவீதத்துக்குள் வந்துவிடும். ஆரம்பத்தில் வரும் தப்பு கடைசிப் புள்ளி வரை கூடவே வரும்.

இப்படிக் கிடைக்கும் 1/M சரியாக (1 − k)-க்குச் சமமாக இருக்காது. தண்ணீர் இருந்த இடத்தில் எரிபொருள் வந்து உட்காரும்போது டிடெக்டருக்குப் போய்ச் சேரும் நியூட்ரான்களின் பங்கும் கொஞ்சம் மாறும். பரவாயில்லை. நமக்கு இடைப்பட்ட மதிப்புகள் முக்கியம் இல்லை, பூஜ்யம் எங்கே என்பதுதான் முக்கியம். k ஒன்றானால் எந்த டிடெக்டரிலும் கோடு பூஜ்யத்துக்குத்தான் வரும். அங்கே வந்து சேரும் பாதை மட்டும் டிடெக்டருக்கு டிடெக்டர் வேறுபடும்.

ஒவ்வொரு முறையும் செய்வது

நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கழிகள் உள்ளே இருக்கும். பாதுகாப்புக் கழிகள் மட்டும் மேலே தூக்கி, விழத் தயாராக நிறுத்தப்பட்டிருக்கும். ஆபத்து என்று பட்டால் விழுவதற்கு ஏதாவது மேலே இருந்தாக வேண்டும் அல்லவா! அந்த நிலையில் அசெம்பிளியை இறக்குங்கள். பிறகு கழிகளை வெளியே எடுத்து, எண்ணிக்கை நிலைபெறும்வரை காத்திருந்து எண்ணுங்கள். 1/M கணக்கிட்டுப் புள்ளி வையுங்கள். கடைசி இரண்டு புள்ளிகளைச் சேர்த்து, கோட்டைப் பூஜ்யம் வரை நீட்டுங்கள். அது காட்டும் எண்ணுக்கும் இப்போது உள்ள எண்ணுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அதில் பாதிக்கு மேல் அடுத்த முறை இறக்கக்கூடாது. இதைப் பாதி விதி என்பார்கள். வரைபடத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, விடை ஒத்துப்போன பிறகே அடுத்த அசெம்பிளி கிளம்பவேண்டும்.

ஒரு சிறிய குளம் வகை உலையை எடுத்துக்கொள்வோம். பயிற்சிக்காக நான் அமைத்த எண்கள் இவை. நல்ல இடத்தில் வைத்த டிடெக்டர், அதற்கு 'அ' என்று பெயர். அடிப்படை எண்ணிக்கை விநாடிக்கு 50.

| அசெம்பிளி | எண்ணிக்கை (விநாடிக்கு) | 1/M | கோடு காட்டும் மாறுநிலை |
|---|---|---|---|
| 0 | 50 | 1.000 | – |
| 4 | 80 | 0.625 | 10.7 |
| 7 | 125 | 0.400 | 12.3 |
| 9 | 185 | 0.270 | 13.2 |
| 11 | 310 | 0.161 | 14.0 |
| 12 | 455 | 0.110 | 14.2 |
| 13 | 800 | 0.0625 | 14.3 |

முதல் வரியை மட்டும் கூடவே போட்டுப் பார்ப்போம். 4 அசெம்பிளியில் 1/M 0.375 குறைந்திருக்கிறது, அதாவது ஒன்றுக்கு 0.094. மிச்சம் இருக்கும் 0.625 தீர இன்னும் 6.7 வேண்டும். ஆகவே கோடு 10.7-இல் தரையைத் தொடுகிறது. 6.7-இல் பாதி 3.3, எனவே அடுத்து 3 இறக்கலாம். 7-க்கு வந்தோம். அங்கே மிச்சம் 5.3, பாதி 2.7, எனவே 2. இப்படியே நகர்ந்து 13-க்கு வந்து சேர்கிறோம்.

இப்போது அட்டவணையின் கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். 10.7, 12.3, 13.2, 14.0, 14.2, 14.3. கோடு காட்டும் இடம் ஒவ்வொரு முறையும் நம்மை விட்டுச் சற்று விலகிப் போகிறது. முதலில் பயமுறுத்தி, பிறகு தளர்ந்து, கடைசியில் ஓரிடத்தில் நிற்கிறது. நமக்கு வேண்டியது இந்த வகைக் கோடுதான்.

ஏமாற்றும் கோடு

அதே உலை, அதே அசெம்பிளிகள். 'ஆ' என்ற இரண்டாவது டிடெக்டரை யாரோ சோர்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். பார்த்தால் ஆசையாக இருக்கும், எரிபொருள் இல்லாமலே விநாடிக்கு 1000. ஆனால் அதில் 900 சோர்ஸிலிருந்து நேராக வந்து விழுபவை. எரிபொருளோடு சம்பந்தப்பட்டது மிச்சம் 100 மட்டுமே. அந்த 100 எத்தனை மடங்கானாலும் 900-இன் இரைச்சலில் ஆரம்பத்தில் வெளியே தெரியாது.

7 அசெம்பிளியில் 'அ' இரண்டரை மடங்காகியிருந்தது. 'ஆ' காட்டுவது 1150. 1/M இன்னும் 0.87-இலேயே நிற்கிறது. முன்பு செய்ததுபோலவே கோட்டை நீட்டினால், மாறுநிலை இருப்பதாக 'ஆ' சொல்லும் இடங்கள் வரிசையாக 71, 42, 28, 21, 17, 16.

11 அசெம்பிளியில் நின்று யோசியுங்கள். 'ஆ' 21 என்கிறது. மிச்சம் 10, பாதி விதிப்படி 5 இறக்கலாம். இறக்கினால் 16. உண்மையான மாறுநிலையோ 14-க்கும் 15-க்கும் நடுவில். விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியே ஒருவர் எல்லையைத் தாண்டியிருப்பார். பாதி விதி காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆகவே கோடு காட்டும் எண்ணைவிட, அந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். விலகிப் போனால் உங்கள் தப்பு பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறது. உங்களை நோக்கி வந்தால், இறக்குவதை நிறுத்திவிட்டு டிடெக்டரின் இடத்தைப் பாருங்கள். இடத்தை மாற்றினால் பழைய அடிப்படை எண்ணிக்கை அந்த டிடெக்டருக்குச் செல்லாது. முந்தைய புள்ளியோடு பொருத்திப் புதிதாக அளவு கட்டவேண்டும்.

எதிர்த்திசைத் தப்பும் உண்டு. டிடெக்டர் சோர்ஸுக்கு வெகு தூரத்தில் இருந்து, எரிபொருளை அதன் பக்கமாகவே அடுக்கிக்கொண்டு போனால், எண்ணிக்கை பெருக்கத்தைவிட வேகமாக ஏறும். கோடு சடாரென்று விழும், மாறுநிலை மிக அருகில் என்று காட்டும். இது நேரத்தைத்தான் வீணாக்கும், ஆபத்து இல்லை. ஆனால் இறக்கும் வரிசையை நடுவில் மாற்றினால் கோட்டின் சரிவும் நடுவில் மாறும். அதனால் மையத்தில் சோர்ஸைச் சுற்றித் தொடங்கி, எல்லாப் பக்கமும் சமமாக வெளியே போவதே வழக்கம்.

காத்திருப்பது

தொட்டிக்குத் திரும்புவோம். ஓட்டை பெரிதாக இருக்கும்போது மட்டம் சட்டென்று நிலைபெறும். ஓட்டை சிறிதாகச் சிறிதாக, மட்டம் உயரமாகப் போகும், அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரமும் கூடும். உலையில் இன்னொன்றும் சேர்கிறது. பிளவில் பிறக்கும் நியூட்ரான்களில் ஒரு சிறு பங்கு தாமதமாக வரும். அவற்றை வெளியிடும் துகள்களில் மிக மெதுவானவற்றின் அரை ஆயுள் கிட்டத்தட்ட 55 விநாடி. அதனால் 4 அசெம்பிளியில் ஒரு நிமிடம் காத்திருந்தது போதும் என்றால், 13-இல் பல நிமிடங்கள் ஆகும்.

அவசரப்பட்டு எண்ணினால் என்ன ஆகும்? எண்ணிக்கை இன்னும் ஏறவேண்டியதை ஏறும் முன்பே எடுத்துவிடுவீர்கள். C குறைவு, 1/M அதிகம், மாறுநிலை தூரத்தில் இருப்பதாகக் கோடு சொல்லும். இதுவும் ஆபத்தான பக்கத்துத் தப்புதான். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தாமல், அடுத்தடுத்த மூன்று அளவுகள் புள்ளியியல் பிழைக்குள் ஒத்துப்போகும்வரை எண்ணுங்கள். நிலைபெற எடுக்கும் நேரம் ஒவ்வொரு படியிலும் நீண்டுகொண்டே போவது, வரைபடத்தைச் சாராமல் உலை தரும் இன்னொரு செய்தி.

வரைபடம் கையில் இல்லாதபோதும் உதவும் மனக்கணக்கு ஒன்று உண்டு: எண்ணிக்கை இரண்டு மடங்கானால், மாறுநிலைக்கு இருந்த தூரத்தில் பாதியைக் கடந்துவிட்டீர்கள். 11-இல் 310 இருந்தது 13-இல் 800 ஆனது, இரண்டரை மடங்குக்கும் மேல். இன்னும் இரண்டு அசெம்பிளி தாங்காது என்று அப்போதே தெரிந்துவிடும்.

கடைசி அசெம்பிளி

13-இல் கோடு 14.3 காட்டுகிறது. மிச்சம் 1.3, பாதி 0.65. முழு அசெம்பிளி ஒன்றைக்கூடப் பாதி விதி அனுமதிக்கவில்லை. சிறிய உலைகளில் இந்த இடம் சீக்கிரமே வந்துவிடும். கல்பாக்கத்தில் 1996-இல் மாறுநிலை எட்டிய காமினி உலையின் மையத்தில் எரிபொருள் அசெம்பிளிகள் மொத்தமே 9. அங்கே ஒன்று என்பது ஒன்பதில் ஒரு பங்கு.

இங்கே வழியை மாற்றுகிறோம். இதுவரை இறக்கிய பிறகு கழிகளை ஒரேயடியாக முழுவதும் வெளியே எடுத்தோம். இனி கழிகள் முழுவதும் உள்ளே இருக்கும்போது அசெம்பிளியை இறக்கிவிட்டு, கழிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணுகிறோம். கிடை அச்சில் இப்போது அசெம்பிளி எண்ணிக்கைக்குப் பதில் கழியின் உயரம்.

14-ஐ இறக்கிக் கழிகளை முழுவதும் எடுத்தால் விநாடிக்கு கிட்டத்தட்ட 2860, 1/M 0.0175. கோடு 14.4 என்கிறது. இன்னும் மாறுநிலை வரவில்லை, அரை அசெம்பிளிக்கும் குறைவாகவே தேவை. முழு அசெம்பிளி வைத்தால் வேண்டியதற்கு மேல் நிறைய மிச்சம் நிற்கும். தகடு வகை எரிபொருளில் தகடுகளின் எண்ணிக்கை குறைந்த பாதி அசெம்பிளிகள் இதற்காகவே இருக்கும். கழிகளை உள்ளே விட்டு, அதில் ஒன்றை இறக்குங்கள். பிறகு கழி.

கழி வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கழியின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரே மதிப்புடையது இல்லை. நியூட்ரான்கள் குறைவாக உள்ள ஓரங்களில் இழுத்தால் அதிகம் மாறாது, நடுப்பகுதியில் அதே தூரம் இழுத்தால் பல மடங்கு மாறும். அதனால் முதல் சில படிகளில் கோடு சோம்பேறித்தனமாக இறங்கும். நடுப்பகுதி வந்ததும் செங்குத்தாகத் திரும்பும். டிடெக்டர் நல்ல இடத்தில் இருந்தாலும்கூட, இங்கே கோடு காட்டும் எண் நம்மை நோக்கி வரும். முதல் இரண்டு புள்ளிகளை வைத்து நீட்டிய கோட்டை நம்பாதீர்கள். நடுப்பகுதிக்குள் நுழையும்போது படியைச் சிறிதாக்குங்கள்.

சிகாகோவிலும் அன்று அப்படித்தான், கழியைச் சிறிது சிறிதாக இழுத்து, ஒவ்வொரு முறையும் பதிவுப் பேனா ஏறிச் சமனாகும்வரை பார்த்திருந்தார்கள். காலை பதினொன்றரை மணி வாக்கில் தானியங்கிப் பாதுகாப்புக் கழி தடாரென்று உள்ளே விழுந்தது. ஆபத்து எதுவும் இல்லை, அது விழவேண்டிய வரம்பைத் தாழ்வாக வைத்திருந்தார்கள். ஃபெர்மி எல்லாரையும் சாப்பிட அனுப்பிவிட்டார். மாறுநிலை வந்தது பிற்பகல் 3:25-க்கு.

வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்

மாறுநிலைக்குக் கீழே இருக்கும்வரை, ஒவ்வொரு படிக்குப் பிறகும் எண்ணிக்கை வேகமாக ஏறி, வேகம் குறைந்து, சமனாகும். சமனாகாமல் ஒரே சீரான வேகத்தில், நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே இருந்தால், ஓட்டை அடைபட்டுவிட்டது, சோர்ஸ் ஊற்றுவது மட்டும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஏறும் வேகமே கூடிக்கொண்டு போய், சம கால இடைவெளிகளில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்றானால் எல்லையைச் சற்றுத் தாண்டியிருக்கிறீர்கள்.

சந்தேகம் தீர்க்க சோர்ஸையே வெளியே எடுங்கள். மாறுநிலைக்குக் கீழே இருந்தால் எண்ணிக்கை சரியத் தொடங்கும். கழியைச் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி, சோர்ஸ் இல்லாமலே கோடு படுத்த மாதிரி நிற்கும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த உயரத்தோடு தண்ணீரின் வெப்பநிலை, அசெம்பிளிகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன, தேதி, நேரம் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி, வரைபடம் போட்ட இரண்டு பேரும் கையெழுத்திடவேண்டும். அப்புறம் கழிகளை உள்ளே விடுங்கள்.